கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் கிராஜுவிட்டி நாமினேஷனில் என்ன எழுத வேண்டும்?

மணலி, எண்ணூர் பக்கம் ஆலைகளில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., குழுக் காப்பீடு எல்லாம் அதற்குள் இருக்கும். கிராஜுவிட்டி நாமினேஷன் படிவமும் பல இடங்களில் அதே கட்டில் வந்துவிடும். சட்டப்படி ஒரு வருட சர்வீஸ் முடிந்த பிறகு 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். அந்த வயதில் பெரும்பாலானவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. அம்மா பெயரை எழுதிக் கொடுப்பார்கள். அதில் தவறே இல்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் அந்தக் காகிதத்தை யாரும் திரும்பிப் பார்க்காததுதான் பிரச்சினை.

கிராஜுவிட்டி என்பது பணிக்கொடை. வேலையை விட்டுப் போகும்போது வாங்க வேண்டுமானால் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால் அந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது. பணம் நாமினிக்குப் போகும், நாமினி இல்லையென்றால் வாரிசுகளுக்குப் போகும். பொதுவாக, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருட சர்வீஸுக்கான தொகை வரும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒருவர் மணலியில் ஃபிட்டர். 2016 ஜூன் 1-இல் சேர்ந்தார். அப்பா இல்லை, அம்மா இவர் வருமானத்தில்தான் இருக்கிறார். அதனால் நாமினேஷனில் அம்மாவுக்கு 100 சதவீதம் எழுதினார். 2021-இல் கல்யாணம், 2023-இல் பெண் குழந்தை. 2026 ஜனவரியில் இவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.15,600. வருடத்துக்கு ரூ.9,000 வருகிறது. சர்வீஸ் ஒன்பது வருடம் ஏழு மாதம், ஆகவே பத்து வருடம். மொத்தம் ரூ.90,000. பழைய காகிதப்படி கம்பெனி இந்த முழுத் தொகையையும் அம்மா பெயருக்குத்தான் கொடுக்கும். கொடுத்ததும் கம்பெனியின் பொறுப்பு முடிந்தது. மனைவி தன் பங்கையும் குழந்தையின் பங்கையும் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

"கல்யாணம் ஆனாலே பழைய நாமினேஷன் செல்லாதே" என்று பலர் சொல்வார்கள். இதில் பாதிதான் சரி. 1972-ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது. நாமினேஷன் எழுதும் நேரத்தில் உங்களுக்குக் குடும்பம் இருந்தால், குடும்பத்தினரைத்தான் நாமினியாக எழுத முடியும். வெளியாள் பெயரை எழுதினால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. குடும்பம் என்று யாருமே இல்லையென்றால் யாரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பிறகு குடும்பம் ஏற்பட்ட உடனே அந்த நாமினேஷன் செல்லாமல் போய்விடும்.

இங்கே குடும்பம் என்பதில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் பெற்றோர் ஆகியோர் வருகிறார்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒரே வீட்டில் ஒரே ரேஷன் கார்டில் இருந்தாலும் பொதுவாக அந்தப் பட்டியலில் வருவதில்லை. நம் ஃபிட்டருக்கு அம்மா இருந்ததால் கல்யாணத்துக்கு முன்பே அவருக்குக் குடும்பம் இருந்தது. எனவே அம்மா பெயரில் எழுதியது கல்யாணத்துக்குப் பிறகும் செல்லும், தானாக ரத்தாகாது. பெற்றோர் இருவரும் இல்லாத ஒருவர் தங்கை பெயரை எழுதியிருந்தால் நிலை வேறு. கல்யாணம் ஆன அன்றே அது செல்லாது, 90 நாளுக்குள் புது நாமினேஷன் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: அம்மா தன்னை நம்பி இருக்கும்போதே, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, தம்பி பார்த்துக்குவான்" என்று தம்பி பெயரை எழுதியவர். அவருடைய படிவம் கோப்பில் பத்திரமாக இருக்கும், ஆனால் செல்லாது. அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. நாமினேஷன் பற்றி மேலே சொன்ன அடிப்படை அதன் 55-ஆவது பிரிவில் தொடர்கிறது. படிவத்தின் பெயர் மாறலாம், அதை டைம் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய விவரம் மாறவில்லை. பல வருடமாகப் புழங்கும் பெயர்களையே இங்கே சொல்கிறோம்: முதல் நாமினேஷன் 'எஃப்' படிவம், குடும்பம் இல்லாதிருந்து பிறகு ஏற்பட்டவர்கள் கொடுப்பது 'ஜி' படிவம், ஏற்கெனவே உள்ளதைத் திருத்துவது 'எச்' படிவம்.

'எஃப்' படிவத்தில் நாமினிக்கான அட்டவணையில் நான்கு கட்டம்தான் இருக்கும்: முழுப் பெயரும் விலாசமும், உறவு, வயது, பங்கு. அவசரத்தில் "அம்மா - 100" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கீழே "இவர்கள் என் குடும்பத்தினர்", "எனக்குக் குடும்பம் இல்லை", "என் பெற்றோர் என்னை நம்பி இல்லை" என்று ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்கள் அச்சிட்டிருக்கும். பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும். அடிக்காமல் கையெழுத்துப் போட்டால், அம்மாவை நாமினியாகவும் காட்டி, அம்மா என்னை நம்பி இல்லை என்றும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிறகு பங்கு கேட்டு எதிர்ப்பவர் முதலில் கை வைப்பது இந்த வரியில்தான். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நாமினியையே சாட்சியாகப் போடாதீர்கள், ஷிஃப்டில் கூட இருக்கும் இரண்டு பேர் போதும்.

நிறுவனத்தின் பெயர் எழுதும் இடத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் கவனமாக இருக்க வேண்டும். வேலை பார்ப்பது பெரிய ஆலையாக இருக்கலாம். சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர் இருந்தால் படிவமும் அவர் பெயருக்குத்தான் போக வேண்டும். கான்ட்ராக்டர் மாறி, புதியவரின் கீழ் சேர்ந்தால் அவரிடம் மறுபடியும் கொடுக்க வேண்டும். பழையவரின் அலமாரியில் இருக்கும் காகிதம் புதியவருக்குத் தெரியாது.

இனி 'எச்' படிவம். கல்யாணத்துக்குப் பிறகு நம் ஃபிட்டர் கொடுக்க வேண்டியது இதைத்தான். இதில் அட்டவணை இல்லை. எந்தத் தேதியில் கொடுத்த, எந்த எண்ணில் பதிவான நாமினேஷன் என்று சொல்லிவிட்டு, என்ன மாற்றம் என்பதை நீங்களே எழுத வேண்டிய வெற்றிடம் இருக்கும். அந்த இரண்டு மூன்று வரிகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். "என் மனைவியையும் சேர்த்துக்கொள்ளவும்" என்று எழுதினால் அம்மாவின் 100 சதவீதம் அப்படியே நிற்கும், மனைவிக்கு எவ்வளவு என்று இருக்காது. "சட்டப்படியான வாரிசுகளுக்கு" என்று எழுதினால் யார் பெயரும் இல்லை. கம்பெனி வாரிசுச் சான்றிதழ் கேட்கும், நாமினேஷன் கொடுத்தும் கொடுக்காததும் ஒன்றாகிவிடும். இப்படி எழுதினால் குழப்பம் இருக்காது:

> நான் 10.06.2017 அன்று கொடுத்து, தங்களிடம் ____ எண்ணில் ____ தேதியில் பதிவாகியுள்ள நாமினேஷனைக் கீழ்க்கண்டவாறு மாற்றுகிறேன். அதில் என் தாயார் ____ அவர்களுக்கு எழுதியிருந்த 100 சதவீதப் பங்கு 40 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. என் மனைவி ____ (வயது 26, விலாசம் ____) அவர்களுக்கு 60 சதவீதப் பங்கு வழங்க வேண்டும். இருவரும் என் குடும்பத்தினர். மொத்தம் 100 சதவீதம்.

யாருக்கு எத்தனை சதவீதம் என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் பழைய பங்கு என்ன ஆயிற்று, புதிய பங்கு எவ்வளவு, கூட்டினால் 100 வருகிறதா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று பேருக்குச் சமமாகக் கொடுக்க நினைத்தால் "சம பங்கு" என்று விடாமல் 34, 33, 33 என்று எண்ணிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு பிரதி கொடுக்க வேண்டும் என்பது வெறும் சடங்கு அல்ல. ஒன்றைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். இன்னொன்றில் பதிவு எண், கையெழுத்து, முத்திரை போட்டு உங்களிடம் திருப்பித் தர வேண்டும். 'எஃப்' படிவத்துக்கு இதற்கு 30 நாள் அவகாசம். அந்தப் பதிவு எண் இல்லாவிட்டால் 'எச்' படிவத்தின் முதல் வரியையே நிரப்ப முடியாது. பழைய பிரதி தொலைந்திருந்தால், "என் பெயரில் உள்ள நாமினேஷனின் பதிவு எண்ணும் தேதியும் தேவை" என்று முதலில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கோப்பில் எதுவுமே இல்லை என்று பதில் வந்தால் திருத்தப் படிவம் வேண்டாம், புதிதாக 'எஃப்' கொடுத்துவிடலாம்.

குழந்தை பிறந்த பிறகு அதே 'எச்' படிவம்தான். பிறக்கப்போகும் குழந்தைக்கு முன்கூட்டியே பங்கு எழுதி வைக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் பெயர் இல்லாமல் வந்திருந்தால், பதிவு செய்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் சூட்டும்வரை மனைவியின் பங்கைக் கூட்டி வைத்துவிட்டு, சான்றிதழில் பெயர் ஏறியதும் குழந்தையைச் சேர்ப்பது சுலபம். நம் கணக்கில் மனைவிக்கு 50, அம்மாவுக்கு 25, மகளுக்கு 25 என்று திருத்தியிருந்தால், ரூ.90,000-இல் மனைவிக்கு ரூ.45,000, அம்மாவுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ரூ.22,500 போயிருக்கும்.

மகளுக்கு 18 வயது ஆகாததால் அவள் பங்கு யார் கையிலும் வராது. கம்பெனி அதை அரசு அதிகாரியிடம் கட்டும். அவர் அதைக் குழந்தை பெயரில் வங்கியில் போட்டு வைப்பார், 18 வயதில் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உடனடியாகப் பணம் தேவைப்படும் குடும்பத்தில், முழுத் தொகையையும் பாசத்தில் குழந்தை பெயரில் எழுதிவிட்டால் குழந்தையின் அம்மா கையில் ஒரு ரூபாயும் இருக்காது. குழந்தைக்குச் சிறிய பங்கும், வளர்க்கிறவருக்குப் பெரிய பங்கும் எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது எங்கள் கருத்து.

ஆயுள் காப்பீட்டில் இந்த இடம் வேறு மாதிரி. நாமினி மைனராக இருந்தால், பணத்தை அவர் சார்பில் வாங்கிக்கொள்ள ஒருவரை நீங்களே குறிப்பிடலாம். அவரை அப்பாயின்ட்டி என்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், மைனருக்காக யார் வாங்குவது என்ற கேள்வி பணம் வரும் நேரத்தில் கிளம்பும். அப்பாயின்ட்டியாக எழுதப்படுகிறவர் சம்மதித்து அதே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் மாற்று அறிவிப்பை இப்படி எழுதலாம்:

> பாலிசி எண் ____-இல் என் தாயார் ____ பெயரில் உள்ள நாமினேஷனை ரத்து செய்கிறேன். இனி என் மனைவி ____ (பிறந்த தேதி ____) அவர்களுக்கு 70 சதவீதமும், என் மகள் ____ (பிறந்த தேதி ____) அவர்களுக்கு 30 சதவீதமும் வழங்க வேண்டும். மகள் மைனராக இருக்கும்வரை அவருடைய பங்கைப் பெற்றுக்கொள்ள அப்பாயின்ட்டியாக ____ (உறவு ____) அவர்களை நியமிக்கிறேன். இதைப் பதிவு செய்து எழுத்தில் ஒப்புகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காப்பீட்டில் இன்னொரு கண்டிப்பான விஷயம் உண்டு. குடும்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நாமினியாக எழுதலாம், கல்யாணம் ஆனதால் எதுவும் ரத்தாகாது. காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவை 2015-இல் திருத்தினார்கள். அதன்படி பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்கள் பணத்தை வாங்கித் தருகிறவர்கள் மட்டும் அல்ல, அந்தப் பணத்துக்கு உரியவர்களாகவே கருதப்படுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் அப்படியே இருந்தால், பிறகு மனைவி கேட்டு வரும்போது இந்தப் பிரிவு குறுக்கே நிற்கும். மாற்று அறிவிப்பு வந்து சேருவதற்கு முன்பு, தன் பதிவில் இருந்த பழைய நாமினிக்கு நிறுவனம் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்திருந்தால் அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. ஏஜென்டிடம் வாயால் சொல்லி வைத்தால் அது அறிவிப்பு ஆகாது.

பெயரில் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் இனிஷியல் அப்பாவுடையதிலிருந்து கணவருடையதுக்கு மாறும். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்று இருக்கும். நாமினேஷனில் "ஆர். செல்வி" என்றும் ஆதாரில் "கே. செல்வி" என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சான்று கேட்டு அலைய விடுவார்கள். பணம் ஏறப்போகும் வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் எழுதுங்கள். இரண்டு இனிஷியலும் புழக்கத்தில் இருந்தால் இரண்டையும் காட்டிவிடலாம்: "கே. செல்வி, க/பெ ____, த/பெ ____, திருமணத்துக்கு முன் ஆர். செல்வி". அம்மாவின் பெயரில் "அம்மாள்" ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போவதும் இதே தொல்லைதான்.

அலுவலகத்தில் இதைக் கவனிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ.யில் பெயர் சேர்க்கத் தவறுவதில்லை, ஆஸ்பத்திரிக்கு அது வேண்டும். பெயர் சேர்த்துவிட்டதால் நாமினியும் மாறிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ.யில் சேர்த்தது கிராஜுவிட்டிக்கு வராது. பி.எஃப். தளத்தில் செய்த இ-நாமினேஷனும் கிராஜுவிட்டிக்கு வராது. கம்பெனியின் குழுக் காப்பீட்டுக்கு இன்னொரு பட்டியல் தனியாக இருக்கும். ஆகவே இ.எஸ்.ஐ.யில் குடும்பத்தினரைச் சேர்க்க ஒருவர் வந்து நிற்கும் நேரமே மற்றப் படிவங்களையும் நீட்ட ஏற்ற நேரம். கல்யாண லீவு, பிரசவ லீவு விண்ணப்பம் வரும்போதும் இதைச் செய்யலாம். மொபைலுக்கு அனுப்ப அல்லது நோட்டீஸ் பலகையில் ஒட்ட இவ்வளவு போதும்:

> திருமண வாழ்த்துகள். தங்கள் கிராஜுவிட்டி நாமினேஷன் ____ தேதியில் கொடுத்தபடியே உள்ளது. அது தானாக மாறாது. மாற்ற விரும்பினால் மனைவி/கணவரின் ஆதார் நகலுடன் ____ தேதிக்குள் டைம் ஆபீஸுக்கு வரவும். குழுக் காப்பீட்டுக்கும் தனிப் படிவம் உண்டு. முன்பு குடும்பம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் திருமணத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதிய நாமினேஷன் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

> குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துகள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியதும் நகலுடன் வந்து கிராஜுவிட்டி, குழுக் காப்பீடு இரண்டிலும் குழந்தையின் பங்கைப் பதிவு செய்துகொள்ளலாம். காப்பீட்டுப் படிவத்துக்கு அப்பாயின்ட்டியின் கையெழுத்தும் தேவை.

பழைய நாமினி யார் என்பதை இந்தக் குறுஞ்செய்தியில் போடாதீர்கள். போன் வீட்டில் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. அம்மாவின் பங்கைக் குறைத்த செய்தி அம்மாவுக்கே போனால் வீட்டில் வீண் சண்டை வரும். தேதியை மட்டும் சொன்னால் போதும், விவரம் நேரில்.

கல்யாணம், குழந்தை தவிர இன்னொரு சந்தர்ப்பத்திலும் 'எச்' படிவம் தேவை: நாமினி உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால். அந்தப் பங்கு மற்ற நாமினிகளுக்குத் தானாகப் பிரிந்து போகாது, உங்களிடமே திரும்பி வந்து பெயர் இல்லாமல் நிற்கும். நம் கணக்கில் அம்மா முன்பே காலமாகி, யாரும் படிவத்தைத் திருத்தவில்லை என்றால், மனைவிக்கு 50 சதவீதமும் மகளுக்கு 25 சதவீதமும் நாமினேஷன்படி போகும். மீதி ரூ.22,500-க்காக மனைவி இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வாரிசுதாரர் படிவம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.